அவசரநிலை வந்தால் எந்த உரிமை போகும், எது நிற்கும்?

கேள்வி: 1976-ல் என் பெரியப்பாவை மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடித்து, வழக்கு விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்தார்கள். காரணம் என்னவென்று கடைசி வரை சொல்லவில்லை. "எமர்ஜென்சி வந்தால் ஒரு உரிமையும் கிடையாது, கோர்ட்டுக்கும் போக முடியாது" என்று இன்றும் சொல்கிறார். அதன் பிறகு சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், இனி அப்படி நடக்காது என்று கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யார் சொல்வது சரி? நாளை அப்படியொரு நிலை வந்து வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், நாங்கள் எதைப் பார்க்க வேண்டும், எங்கே போக வேண்டும்?

பதில்: 1976-ல் இருந்த நிலையை உங்கள் பெரியப்பா சரியாகவே சொல்கிறார். கல்லூரியில் உங்களுக்குச் சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் நம்பிக்கையோடு இருப்பது ஆபத்து என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அடிப்படை உரிமைகளைத் தொடக்கூடியது அரசியலமைப்பின் 352-வது பிரிவின் கீழ் வரும் தேசிய அவசரநிலை மட்டும்தான். ஒரு மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் 356-வது பிரிவால் உங்கள் உரிமை எதையும் நிறுத்த முடியாது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது 356-ன் கீழ். உங்கள் பெரியப்பாவை வெளியே வரவிடாமல் தடுத்தது அதற்கு முந்தைய ஜூனிலிருந்து அமலில் இருந்த 352. இரண்டும் ஒரே காலத்தில் இருந்ததால் நம் ஊரில் பலருக்கு இரண்டும் ஒன்றாகவே நினைவில் நிற்கிறது. 144 என்று நாம் சொல்லும் தடை உத்தரவு, ஊரடங்கு, பேரிடர் மேலாண்மைச் சட்டம் இவை எதுவும் அவசரநிலை அல்ல. இவற்றின் கீழ் போடும் ஒவ்வொரு உத்தரவையும் எல்லா உரிமைகளையும் காட்டிக் கோர்ட்டில் கேட்கலாம்.

352-ன் கீழ் இதுவரை மூன்று முறை அறிவித்திருக்கிறார்கள். 1962 அக்டோபரில் சீனப் போருக்கு, 1971 டிசம்பரில் பாகிஸ்தான் போருக்கு, 1975 ஜூன் 25 இரவு "உள்நாட்டுக் குழப்பம்" என்று சொல்லி. மூன்றாவதில் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட பிறகு, மறுநாள் காலையில்தான் அமைச்சரவைக்கே செய்தி போனது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் இந்த வழியை அடைத்தது. "உள்நாட்டுக் குழப்பம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "ஆயுதமேந்திய கிளர்ச்சி" என்று போட்டார்கள். அமைச்சரவை முடிவு எழுத்தில் குடியரசுத் தலைவருக்குப் போயிருக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் இரு அவைகளும் ஒப்புதல் தர வேண்டும்; அதுவும் சாதாரணப் பெரும்பான்மை போதாது. மக்களவையில் மொத்தம் 543 பேர் என்றால் குறைந்தது 272 பேர் ஆதரிக்க வேண்டும். அதோடு, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் தேறியாக வேண்டும். 450 பேர் வாக்களித்தால் 300 ஓட்டு வேண்டும். ஒப்புதல் கிடைத்தாலும் ஆயுள் ஆறு மாதம்தான். நீட்டிக்க ஒவ்வொரு முறையும் இதே வாக்கெடுப்பு. நடுவில் மக்களவை உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்கினர், அதாவது 55 பேர், எழுதிக் கேட்டால் 14 நாளுக்குள் சிறப்புக் கூட்டம் கூட்ட வேண்டும். அங்கே சாதாரணப் பெரும்பான்மையிலேயே அவசரநிலையை முடித்துவைக்கலாம்.

இது அறிவிப்பின் கதை. உரிமைகளின் கதை வேறு. அறிவிப்பு வந்த மாத்திரத்தில் எல்லா உரிமையும் போய்விடும் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. அதற்கு இரண்டு தனி வழிகள் இருக்கின்றன, 358-வது பிரிவும் 359-வது பிரிவும். இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு.

358 தானாக வேலை செய்வது. ஆனால் அது தொடுவது ஒரே ஒரு பிரிவை, 19-ஐ மட்டும்: பேச்சு, கூட்டம் கூடுதல், சங்கம் அமைத்தல், நாட்டுக்குள் நடமாடுதல், குடியிருத்தல், தொழில் செய்தல். போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பு காரணமாக அவசரநிலை அறிவித்தால் 19-வது பிரிவு அரசின் கையைக் கட்டாது. ஆயுதக் கிளர்ச்சியைக் காரணம் காட்டி அறிவித்தால் 358 வேலை செய்யாது. போர்க்காலத்தில்கூட, "இந்தச் சட்டம் அமலிலுள்ள அவசரநிலை தொடர்பானது" என்ற வாசகம் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அந்தச் சட்டத்துக்கும், அதன் கீழ் எடுக்கும் நடவடிக்கைக்கும் பாதுகாப்பு. இந்த ஒரு வரி இல்லாத பழைய சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு கூட்டத்துக்குத் தடை போட்டால், போர் நடந்துகொண்டிருந்தாலும் 19-ஐக் காட்டி வழக்குப் போடலாம். இதற்கு அடித்தளம் 44-வது திருத்தத்துக்கு முன்பே இருக்கிறது. 1963-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒருவரை ஜாபுவாவில் போய்த் தங்கியிரு என்று, 1959-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் உத்தரவிட்டார்கள். அவசரநிலைக்கு முன்பே செல்லாததாக இருந்த சட்டத்துக்கு அவசரநிலை உயிர் கொடுக்காது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ஏற்க மறுத்தது.

359 தானாக வேலை செய்யாது. குடியரசுத் தலைவர் தனியாக ஒரு உத்தரவு போட வேண்டும். எந்தெந்த உரிமைகளுக்காகக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று அதில் பெயர் சொல்ல வேண்டும். பெயர் சொல்லாத உரிமை அப்படியே இருக்கும். நாடு முழுவதற்கும் போடலாம், ஒரு பகுதிக்கு மட்டும் போடலாம். பலர் கவனிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஆயுதக் கிளர்ச்சிக்காக அறிவித்த அவசரநிலையில் 358 வழியாக 19-ஐத் தொட முடியாதே தவிர, 359 உத்தரவில் 19-ஐயும் பெயர் சொல்லிச் சேர்க்கலாம். அதனால் "கிளர்ச்சி என்றால் பேச்சுரிமைக்கு ஆபத்தில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

359 உத்தரவு தொடவே முடியாதவை இரண்டு, 20-வது பிரிவும் 21-வது பிரிவும். 20 என்பது: செய்தபோது குற்றமாக இல்லாத செயலுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தண்டிக்கக் கூடாது, ஒரே குற்றத்துக்கு இருமுறை தண்டிக்கக் கூடாது, தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. 21 என்பது: சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் உடல் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது. இந்த இரண்டையும் காப்பாற்றியதும் 44-வது திருத்தம்தான்.

ஏன் அப்படிக் காப்பாற்ற வேண்டியிருந்தது என்பதற்கு உங்கள் பெரியப்பாவின் வழக்கு போன்றவைதான் காரணம். 1962-லும் 1975-லும் போட்ட இரண்டு 359 உத்தரவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1962 நவம்பர் உத்தரவு 21-ஐயும், கைதானவருக்குள்ள பாதுகாப்புகளைச் சொல்லும் 22-ஐயும் நிறுத்தியது. சில நாளில் சமத்துவ உரிமையான 14-ஐயும் சேர்த்தார்கள். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது: இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டத்தின் கீழோ, அதன் விதிகளின் கீழோ உரிமை பறிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இந்தத் தடை. 1975 ஜூன் 27 உத்தரவும் இதே 14, 21, 22-ஐத்தான் நிறுத்தியது. நிபந்தனை மட்டும் இல்லை. எந்தச் சட்டத்தின் கீழ் என்ற கேள்வியே எழாமல், மொத்தமாகக் கதவைச் சாத்தினார்கள்.

அந்த நிபந்தனை எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு சோசலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் வழக்கே சாட்சி. 1965 ஆகஸ்டில் பாட்னா மாவட்ட மாஜிஸ்திரேட் அவரைத் தடுப்புக்காவலில் வைத்தார். அப்போது அவர் மக்களவை உறுப்பினர். உத்தரவில் எழுதிய காரணம்: "பொதுப் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு" இவற்றுக்குப் பாதகமாக நடப்பதைத் தடுக்க. ஆனால் இந்தியப் பாதுகாப்பு விதியில் "பொதுப் பாதுகாப்பு" என்பதோடு இருந்தது "பொது ஒழுங்கு" என்ற சொல். "சட்டம் ஒழுங்கு" என்ற சொல் அந்த விதியில் இல்லை. இரண்டும் ஒன்றுதானே என்று அரசு வாதிட்டது. தன் மனதில் இருந்தது பொது ஒழுங்குதான் என்று மாஜிஸ்திரேட் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்தார். நீதிபதி ஹிதயதுல்லா மூன்று வட்டங்களைக் காட்டி விளக்கினார்: சட்டம் ஒழுங்கு பெரிய வட்டம், அதற்குள் பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. தெருவில் இருவர் அடித்துக்கொண்டால் சட்டம் ஒழுங்கு கெடும், பொது ஒழுங்கு கெடாது. விதி கொடுக்காத அதிகாரத்தை உத்தரவு எடுத்துக்கொண்டது என்றது நீதிமன்றம். இன்னொரு காரணமான "பொதுப் பாதுகாப்பு" சரியானதுதானே என்ற வாதமும் எடுபடவில்லை. கெட்ட காரணம் இல்லாதிருந்தால் நல்ல காரணத்துக்காக மட்டும் அந்த அதிகாரி உள்ளே வைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாதே. லோகியா விடுதலையானார். 14, 21, 22 மூன்றும் நிறுத்தப்பட்டிருந்த காலத்தில் இது நடந்தது என்பதை மறந்துவிடாதீர்கள். விதிப்படி உத்தரவு போடவில்லை என்றால் அது விதியின் கீழ் போட்ட உத்தரவே அல்ல. அப்படியானால் 359-ன் தடையும் அதற்குப் பொருந்தாது. 1963-ல் மக்கன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்த வழி இது. சட்டம் சொன்ன நிபந்தனையை மீறியது, கெட்ட எண்ணத்தோடு அதிகாரத்தைப் பயன்படுத்தியது போன்ற வாதங்களை 359 அடைக்காது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது.

1975-ல் அந்த நிபந்தனை இல்லாததால் இந்த வழி அடைபட்டது. மிசா சட்டத்திலும் 16ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பிடித்த காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்றார்கள். பிறகு அந்தக் காரணங்களை அரசு ரகசியம் போல நடத்தி, கோர்ட்டுக்குக்கூடக் காட்டத் தேவையில்லை என்றாக்கினார்கள். உங்கள் பெரியப்பாவுக்குக் காரணம் சொல்லப்படாதது ஏதோ ஒரு ஜெயில் அதிகாரியின் அலட்சியம் அல்ல. சட்டமே அப்படி எழுதப்பட்டிருந்தது. பல உயர் நீதிமன்றங்கள் கைதிகளின் மனுக்களை விசாரிக்கலாம் என்று துணிந்து சொன்னபோதும், 1976 ஏப்ரல் 28 அன்று ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில், அவசரநிலை இருக்கும்வரை ஆட்கொணர்வு மனுப் போட யாருக்கும் உரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா, ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால் அதற்கும் பரிகாரம் இல்லையா என்று கேட்டார். என் வாதத்தின்படி இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் பதில் சொன்னார். கன்னா மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி இளையவரைத் தலைமை நீதிபதியாக்கினார்கள். அவர் ராஜினாமா செய்தார். 2017-ல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு ஜபல்பூர் தீர்ப்பைத் தவறு என்று அறிவித்து ரத்து செய்தது. நம் நீதித்துறை வரலாற்றில் இவ்வளவு தாமதமாகத் தீர்த்த கடன் வேறொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, கோர்ட்டின் கதவு இனி மூடாது. 21 நிற்பதால் ஆட்கொணர்வு மனுவும் நிற்கும். இதுவரை நீங்கள் படித்தது சரி. இனி ஓட்டை எங்கே என்று சொல்கிறேன்.

20, 21 இரண்டையும் காப்பாற்றிய திருத்தம் 22-ஐக் காப்பாற்றவில்லை. தடுப்புக்காவலில் வைத்தவருக்குக் காரணம் சொல்ல வேண்டும், அவர் முறையீடு செய்ய வாய்ப்புத் தர வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் வைக்க, காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்தின் ஒப்புதல் வேண்டும் என்பதெல்லாம் 22-ல் இருப்பவை. இவற்றை 359 உத்தரவு இன்றும் நிறுத்தலாம். 21 கேட்பது "சட்டம் வகுத்த நடைமுறை". அந்தச் சட்டத்தையே மாற்றி நடைமுறையை ஒன்றுமில்லாமல் ஆக்கினால் 21-ல் என்ன மிஞ்சும்? 1978-ல் மேனகா காந்தி வழக்கில், நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பு 14, 19, 21 மூன்றையும் ஒன்றோடொன்று பின்னியது. 14-ஐயும் 19-ஐயும் நிறுத்திவிட்டால் 21 தனியாக அந்த நியாயத்தைத் தாங்குமா என்பதற்கு நேரடித் தீர்ப்பு கிடையாது. 1977 மார்ச்சுக்குப் பிறகு 352 பயன்படுத்தப்படாததால் கேள்வியே எழவில்லை. தாங்கும் என்பதே என் கருத்து. ஏனென்றால் 21-ஐ நிறுத்தக் கூடாது என்று திருத்தியவர்கள் காப்பாற்ற நினைத்தது வெறும் சொல்லை அல்ல. ஆனாலும் அந்தக் கேள்வி தீர்வதற்குள் ஒருவர் மாதக்கணக்கில் உள்ளே இருக்க நேரிடும்.

அதனால் அவசரநிலை வந்தால் அறிவிப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தடுப்புக்காவல் சட்டத்தில் திருத்தம் செய்யும் அவசரச் சட்டம் வருகிறதா என்று பாருங்கள். தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் இன்று இருக்கும் கெடு நாட்கள் அரசியலமைப்பை நம்பி நிற்பவை அல்ல, சட்டத்திலேயே எழுதப்பட்டவை. காரணங்களைச் சாதாரணமாக 5 நாளுக்குள் தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ போட்ட உத்தரவுக்கு மாநில அரசு சாதாரணமாக 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். 3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்குப் போக வேண்டும். அதிகபட்சம் 12 மாதம். நம் மாநிலத்தில் அதிகம் பயன்படும் குண்டர் சட்டத்திலும் இதே மாதிரிக் கெடுக்கள் உண்டு. 22 நிறுத்தப்பட்டாலும் இந்தச் சட்டங்கள் திருத்தப்படாதவரை இவை உயிரோடு இருக்கும். கெடு முடிந்தும் ஒப்புதல் வரவில்லை என்றால், அவசரநிலையிலும் அந்த உத்தரவு செத்த உத்தரவுதான்.

வீட்டில் ஒருவரைக் கொண்டுபோனால் முதல் கேள்வி: இது குற்ற வழக்கில் கைதா, தடுப்புக்காவலா? குற்ற வழக்கு என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அது 22-வது பிரிவில் மட்டுமல்ல, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 58-வது பிரிவிலும் இருக்கிறது. எனவே 22 நிறுத்தப்பட்டாலும் 24 மணி நேரக் கணக்கு தொடரும். தடுப்புக்காவல் என்றால் உத்தரவின் நகலைக் கேளுங்கள். நகல் தர மறுத்தால், மறுத்த தேதியையும் நேரத்தையும் குறித்து, மாவட்ட ஆட்சியருக்கும் உள்துறைச் செயலருக்கும் பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள், ரசீதை வைத்திருங்கள்.

பிறகு மூன்று தாள்களை ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும்: 352 அறிவிப்பு, 359 உத்தரவு, காவல் உத்தரவு. அறிவிப்பில் காரணம் போரா, கிளர்ச்சியா? 359 உத்தரவில் எந்தப் பிரிவுகளின் எண்கள் இருக்கின்றன, 1962 போல நிபந்தனை உண்டா, உங்கள் மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறதா? காவல் உத்தரவு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் போடப்பட்டது, அவசரநிலை தொடர்பானது என்ற வாசகம் அந்தச் சட்டத்தில் இருக்கிறதா, கையெழுத்திட்டவருக்கு அதற்கு அதிகாரம் உண்டா, உத்தரவின் சொற்கள் சட்டத்தின் சொற்களோடு ஒத்துப்போகின்றனவா? லோகியா வெளியே வந்தது இந்தக் கடைசிக் கேள்வியால்தான்.

மனு போக வேண்டிய இடம் உயர் நீதிமன்றம், 226-வது பிரிவின் கீழ். மனைவி, மகன், நண்பர் யார் வேண்டுமானாலும் போடலாம். மனுவை எழுதும் விதத்தில் ஒரு எச்சரிக்கை. "14, 22 பிரிவுகள் மீறப்பட்டன" என்று தொடங்கினால், அந்த உரிமைகளுக்காகக் கோர்ட்டுக்கு வர முடியாது என்று அரசு முதல் நாளே ஆட்சேபம் எழுப்பும்; வழக்கு அங்கேயே சிக்கிக்கொள்ளும். சட்டத்தின் இன்ன பிரிவு இத்தனை நாள் கெடு சொல்கிறது, அது மீறப்பட்டது, ஆகவே சட்டம் வகுத்த நடைமுறை இல்லாமல் சுதந்திரம் பறிக்கப்பட்டது, எனவே 21 மீறப்பட்டது என்ற வரிசையில் எழுதச் சொல்லுங்கள். 14-ம் 22-ம் மாற்று வாதமாகக் கடைசியில் வரட்டும்.

ஒருவர் உள்ளே இருக்கும்போதும் மீதி உரிமைகள் அவரோடு இருக்கின்றன. 1960-களில் பம்பாயில் தடுப்புக்காவலில் இருந்த ஒருவர் அணுவைப் பற்றி மராத்தியில் அறிவியல் நூல் ஒன்று எழுதினார். கையெழுத்துப் பிரதியை வெளியிட மனைவிக்கு அனுப்ப அரசு அனுமதிக்கவில்லை. காவல் நிபந்தனைகளில் புத்தகம் எழுதக் கூடாது, அனுப்பக் கூடாது என்று எங்கும் இல்லை. இல்லாத தடையை அதிகாரி கண்டுபிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அனுப்பச் சொன்னது. கடிதம், பார்வை நேரம், மருந்து, வக்கீலைச் சந்திப்பது இவற்றில் எதை மறுத்தாலும், எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அவசரநிலை முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உரிமைகள் அன்றே திரும்பிவிடும். அவற்றுக்கு முரணான அவசரநிலைச் சட்டம் முரண்படும் அளவுக்குச் செயலிழக்கும். ஆனால் அவசரநிலை தொடர்பானது என்ற வாசகம் உள்ள சட்டத்தின் கீழ் நடந்து முடிந்தவற்றை, நிறுத்தப்பட்டிருந்த உரிமைகளைக் காட்டிப் பிற்பாடு கேட்க முடியாது. சட்டத்தை மீறிச் செய்தவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அடித்தது, உத்தரவே இல்லாமல் அடைத்துவைத்தது, கெடு முடிந்தும் விடாதது எல்லாம் பின்னாலும் வழக்காக நிற்கும். அதற்கு அத்தாட்சி வேண்டும். காவல் உத்தரவு, தபால் ரசீது, ஜெயில் மருத்துவச் சீட்டு, பார்வையாளர் மனுவின் நகல் இவற்றைத் தேதி வாரியாக ஒரு கோப்பில் வைத்து, இன்னொரு பிரதியை வேறொரு வீட்டில் வைத்திருங்கள்.